ரெண்டு சுழியும் மூணு சுழியும் ஒரே நாளில் வேண்டாம்

டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கு மணல் தட்டில் எழுத்துப் பழக்குகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, குழப்பும் ரெண்டு எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தொடங்குவது. ன-வும் ண-வும் ஜோடியாகவே மனதில் பதிந்துவிடும். அப்புறம் ஒன்றைப் பார்த்தாலே மற்றதும் கூடவே வந்து நிற்கும்.

காட்பாடியில் மாலை நேரத்தில் நான் சொல்லித்தரும் பிள்ளைகளில், குடியாத்தம் பக்கமிருந்து வரும் எட்டு வயதுப் பையன் ஒருவன். அவன் அம்மா பாலாற்று மணலைச் சலித்து, தட்டில் கொட்டி, ரெண்டு எழுத்தையும் தினமும் போடவைத்தார். சுழியைச் சரியாக எண்ணுவான். ஆனால் நோட்டில் 'பணம்' என்று சொன்னால் 'பனம்' என்றே எழுதினான். நம் பேச்சில் ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலிப்பதால் காது அவனுக்கு உதவவில்லை. விரல் சுழியை எண்ணியது, வாய் சும்மா இருந்தது. எழுத்து எந்தச் சொல்லோடும் ஒட்டவே இல்லை.

ஒரு வாரம் ண மட்டும் என்று மாற்றினோம். பூஜை மணியை ஆட்டி, நாக்கை மேலே மடித்து 'மணி' என்று நீட்டிச் சொல்லி, அதே மூச்சில் இரண்டு விரலால் ண போட வேண்டும். மணல் தட்டின் அடி தெரியும் அளவுக்கு மெல்லிசாக இருக்கட்டும். ஆழமாகக் கொட்டினால் சுழி சரிந்து மூடிக்கொள்ளும். தொடங்கும் இடம் எப்போதும் இடப்பக்கச் சுழிதான். பிள்ளை இஷ்டத்துக்கு எங்கிருந்தோ தொடங்கினால் கைக்குப் பழக்கமே வராது.

ஆங்கில b, d-க்கும் இதேதான். b-க்குக் கோடு முதலில், வயிறு அப்புறம். d-யை c போலத் தொடங்கி, மேலே ஏறிக் கீழே இறங்க வேண்டும். வடிவம் கண்ணாடியில் பார்த்ததுபோல இருந்தாலும் தொடக்கம் வேறு; அந்த வித்தியாசம் விரலுக்குத் தெரியும். (ஆறேழு வயதுவரை இவற்றைத் திருப்பி எழுதுவது பல பிள்ளைகளிடமும் உண்டு, அதை மட்டும் வைத்து டிஸ்லெக்ஸியா என்று முடிவு கட்டாதீர்கள்.)

அடுத்த எழுத்துக்கு எப்போது போவது? தட்டில் சரியாகப் போட்டுவிட்டான் என்று உடனே போய்விடுகிறார்கள். ரெண்டு நாள் தட்டைத் தொடாமல் விட்டு, மணி, பணம், கண், வீணை என்று பத்துச் சொல் சொல்லி எழுதவையுங்கள். ஒன்பது சரியாக வந்தால்தான் நான் ன-வுக்குப் போவேன், அதுவும் 'வானம்' என்று கையை மேலே காட்டி. ரெண்டையும் கலந்து கேட்பது அதற்கும் பிறகு.

இப்போது அந்தப் பையன் எழுதுவதற்கு முன் தொடையில் விரலால் மூன்று சுழி போட்டுப் பார்க்கிறான். 'கையை அடக்கு' என்று அவனை யாரும் அதட்ட வேண்டாம்.