போன் தெரியாத மொழிக்கு மாறிவிட்டதா? ரீசெட் செய்வதற்கு முன் இதைப் பாருங்கள்

போனை யாரோ எடுத்துப் பார்த்திருப்பார்கள், குழந்தை எதையோ தட்டியிருக்கும், அல்லது பழைய போன் ஒன்று கைமாறி வந்திருக்கும். திரை முழுக்க அரபி அல்லது சீன எழுத்து. எந்தப் பொத்தான் எதற்கு என்றே புரியாது. இந்த நிலையில் பலரும் "ஃபேக்டரி ரீசெட் செய்தால் சரியாகிவிடும்" என்று முடிவு செய்கிறார்கள். செய்ததும் மொழி சரியாகலாம், ஆனால் படங்களும் சாட்களும் அதோடு போய்விடும். இதில் வருத்தமான விஷயம், ரீசெட் முடிந்து போன் திறந்ததும் அது கேட்கும் முதல் கேள்வியே "எந்த மொழி வேண்டும்" என்பதுதான். அதே தேர்வை எதையும் அழிக்காமல் முன்பே செய்திருக்கலாம்.

மொழியை மட்டும் திருப்புவது என்றால் அமைப்புகளில் வேறு மொழியைத் தேர்ந்தெடுப்பது, அவ்வளவே. மெனுக்களின் எழுத்து மாறும், தேதி எழுதும் முறை மாறும், சில மொழிகளில் திரை வலமிருந்து இடமாகத் திரும்பும். உங்கள் ஒரு படம், ஒரு குறுஞ்செய்திகூடத் தொடப்படாது.

ஏன் இரண்டும் குழம்பிப் போகின்றன

மொழியும் ரீசெட்டும் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. சாம்சங்கில் General management பக்கத்தின் மேலே Language, அதே பக்கத்தின் கீழே Reset. பிக்ஸல் போன்ற ஆண்ட்ராய்டு போன்களில் System பக்கத்தில் மொழி, அதிலேயே கீழே Reset options. ஐபோனில் General பக்கத்தில் Language & Region, கீழே Transfer or Reset iPhone. எழுத்துப் புரியாதவர் அந்தப் பக்கத்தில் தடவிக்கொண்டே போனால் தவறான வரியைத் தொட வாய்ப்பு அதிகம்.

ஆனால் ஒரு உறுதியான அடையாளம் இருக்கிறது. மொழியை மாற்றும்போது போன் பின் எண்ணோ கைரேகையோ கேட்காது. எல்லாவற்றையும் அழிக்கப்போகும்போது, திரைப்பூட்டு வைத்திருந்தால், கட்டாயம் கேட்கும். படிக்க முடியாத ஒரு திரையில் திடீரென்று பின் எண் கேட்டால் அங்கேயே நில்லுங்கள். முந்தைய பக்கத்துக்குத் திரும்பிவிடுங்கள். திரைப்பூட்டு உள்ள போனில் இந்த ஒரு பழக்கம் போதும், தெரியாமல் போனை அழித்துவிட மாட்டீர்கள்.

மொழியைத் திருப்பும் வழி

அரபிக்கு மாறிவிட்ட ஒரு சாம்சங் போனை எடுத்துக்கொள்வோம். அரபி வலமிருந்து இடமாக ஓடும் மொழி என்பதால் வழக்கமாக வலப்பக்கம் இருப்பவை இடப்பக்கம் போயிருக்கும். பயப்பட வேண்டாம், படங்களைப் பார்த்தே போகலாம்.

1. திரையின் மேலிருந்து கீழே இழுங்கள். பல்சக்கரப் படம் தெரியும். வழக்கமான மூலைக்கு எதிர்மூலையில் தேடுங்கள். அதைத் தொட்டால் அமைப்புகள் திறக்கும்.
2. பட்டியலில் கீழே போங்கள். கோடுகளின் மேல் சிறு வட்டங்கள் நிற்பது போன்ற படம் உள்ள வரிதான் General management. தொடுங்கள்.
3. உள்ளே முதல் வரியைத் தொடுங்கள். அதுதான் Language. கீழே போகாதீர்கள், ரீசெட் அங்கேதான் இருக்கிறது.
4. இப்போது போனில் ஏற்கெனவே சேர்த்திருக்கும் மொழிகள் தெரியும். ஒவ்வொரு மொழியின் பெயரும் அதன் சொந்த எழுத்தில்தான் இருக்கும். English என்றோ தமிழ் என்றோ கண்ணில் பட்டால் அதைத் தொட்டு, தோன்றும் பொத்தானால் உறுதி செய்யுங்கள்.
5. இரண்டும் இல்லையென்றால் கூட்டல் குறி உள்ள வரியைத் தொடுங்கள். உலக மொழிகள் எல்லாம் வரும் நீண்ட பட்டியலில் "தமிழ்" என்பதைத் தேடித் தொடுங்கள். நாடு எது என்று கேட்டால் தேர்ந்தெடுங்கள். கடைசியில் இரண்டு பொத்தான்கள் வரும்: ஒன்று இப்போதைய மொழியே இருக்கட்டும் என்பது, மற்றது புதியதை முதன்மையாக்குவது. ஒன்றைத் தொட்டு மாறவில்லையென்றால் திரும்ப வந்து, பட்டியலில் சேர்ந்திருக்கும் தமிழைத் தொட்டால் சரி.

பிக்ஸலில் ஒரு சின்ன வேறுபாடு உண்டு. மொழியைச் சேர்த்தால் மட்டும் போதாது, பக்கத்தில் உள்ள கோடுகளைப் பிடித்து இழுத்து முதலிடத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஐபோனில் மொழியைத் தேர்ந்ததும் உறுதி கேட்டுவிட்டு, சில நொடிகள் திரை கறுத்து மீண்டு வரும். அதைப் பார்த்து ஏதோ அழிகிறது என்று நினைக்க வேண்டாம்.

போன் முழுக்கச் சரியாக இருந்து ஒரே ஒரு ஆப் மட்டும் வேறு மொழியில் இருந்தால் விஷயம் வேறு. ஆண்ட்ராய்டு 13-லிருந்து ஒவ்வொரு ஆப்புக்கும் தனி மொழி வைக்க முடியும். மொழிப் பக்கத்திலேயே App languages என்ற வரியில் அந்த ஆப்பைத் திறந்து System default ஆக்குங்கள். அதேபோல விசைப்பலகையின் மொழியும் தனி. தட்டச்சு மட்டும் வேறு எழுத்தில் வந்தால் இடைவெளிப் பட்டையை அழுத்திப் பிடித்தோ, உலக உருண்டைப் படத்தைத் தொட்டோ மாற்றலாம்.

நடுவில் ஒரு பொத்தான்

சாம்சங்கின் Reset பக்கத்தில் Reset all settings என்று ஒன்று இருக்கிறது. படங்கள் போகாது என்பதால் மொழியைச் சரிசெய்ய இதைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் அது மொழி அமைப்பைத் தொடுவதே இல்லை. பாதுகாப்பு, மொழி, கணக்குகள், சொந்தத் தரவு ஆகியவற்றை விட்டுவிட்டு மற்ற அமைப்புகளைத்தான் மாற்றும். நம் பிரச்சினைக்குப் பயனில்லை.

அப்புறம், போனின் மொழிப் பட்டியலிலேயே தமிழ் இல்லை என்றால் ஃபேக்டரி ரீசெட்டும் அதைக் கொண்டுவராது. ரீசெட் அழிப்பது உங்கள் தரவு இருக்கும் பகுதியை. ஆண்ட்ராய்டு அமைப்பும் அதனுடன் வந்த மொழிகளும் வேறு பகுதியில் அப்படியே இருக்கும்.

ஃபேக்டரி ரீசெட்டில் எது போகும், எது நிற்கும்

நீங்கள் நிறுவிய ஆப்கள், அவற்றின் தரவு, உள்நினைவகத்தில் உள்ள படங்கள், வீடியோக்கள், பதிவிறக்கங்கள், குறுஞ்செய்திகள், போனில் மட்டும் சேமித்த தொடர்புகள், வைஃபை கடவுச்சொற்கள், கைரேகை எல்லாம் போய்விடும்.

சிம் கார்டில் சேமித்த எண்கள் நிற்கும். கூகுள் கணக்கில் ஏற்கெனவே ஏறியிருப்பவையும் நிற்கும். மெமரி கார்டு பொதுவாக நிற்கும், ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. கார்டை மறையாக்கம் செய்திருந்தாலோ, உள்நினைவகத்தின் ஒரு பகுதியாக இணைத்திருந்தாலோ, அதைத் திறக்கும் சாவி போனுக்குள் இருக்கிறது. ரீசெட்டில் சாவி அழிந்தால் கார்டில் உள்ள படங்கள் அங்கேயே இருந்தும் திறக்காது. அதனால் முதலில் கார்டில் உள்ளதைக் கணினிக்கு நகலெடுங்கள்.

ரீசெட் தவிர்க்க முடியாவிட்டால்: முதலில் பேக்கப்

போனை வேறொருவருக்குக் கொடுக்கிறீர்கள், அல்லது அடிக்கடி தானாக அணைந்து எழுகிறது என்றால் ரீசெட் நியாயமே. அதற்கு முன் கீழ்க்காணும் வேலைகளை ஆண்ட்ராய்டில் செய்யுங்கள். ஒவ்வொன்றையும் வேறொரு கருவியில் திறந்து பார்த்துச் சரிபார்ப்பதுதான் பேக்கப்பின் பாதி வேலை.

முதலில் தொடர்புகள். கணினியில் contacts.google.com திறந்து, போனில் இருக்கும் பெயர்கள் அங்கே இருக்கின்றனவா என்று பாருங்கள். அங்கே இல்லாதவை போனிலோ சிம்மிலோ மட்டும் இருப்பவை. தொடர்புகள் ஆப்பில் ஏற்றுமதி வசதியைத் திறந்தால் எல்லாப் பெயர்களும் ஒரே .vcf கோப்பாக வரும். அந்தக் கோப்பைப் போனிலேயே விட்டுவிடாமல் மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்.

அடுத்து படங்கள். கூகுள் போட்டோஸில் உங்கள் முகப்படத்தைத் தொட்டால் பேக்கப் முடிந்ததா என்று காட்டும். "முடிந்தது" என்று சொன்னாலும் கேமரா படங்களுக்கு மட்டும் அப்படி இருக்கலாம். வாட்ஸ்அப் படங்கள், திரைப்பிடிப்புகள் போன்ற கோப்புறைகளை ஆப்பின் பேக்கப் அமைப்பில் தனித்தனியாக இயக்க வேண்டும். இலவச இடம் 15 ஜிபி, அதை ஜிமெயிலும் டிரைவும் பகிர்ந்துகொள்கின்றன. இடம் போதாவிட்டால் கேபிள் போட்டு DCIM, Pictures, Download ஆகிய கோப்புறைகளைக் கணினிக்கு நகலெடுப்பது எளிது.

வாட்ஸ்அப் தானாக ஏறியிருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். Settings, Chats, Chat backup என்று போய், கடைசி பேக்கப் எப்போது என்று பாருங்கள். பழையதாக இருந்தால் உடனே பேக்கப் எடுங்கள். வீடியோக்கள் வேண்டுமானால் அதற்கான பொத்தானை இயக்குங்கள், இயல்பில் அது அணைந்திருக்கும். பேக்கப்புக்குக் கடவுச்சொல் வைத்திருந்தால் எழுதி வையுங்கள். மறந்துபோனால் சாட்களை மீட்க முடியாது.

நான்காவது, கணக்கில் நுழையும்போது கடவுச்சொல்லுக்கு மேல் கேட்கப்படும் இரண்டடுக்குக் குறியீட்டைத் தரும் ஆப்கள். இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள், அதனால் வரும் இழப்பும் அதிகம். குறியீடுகளை வேறொரு கருவிக்கு மாற்றுங்கள் அல்லது ஆப்பின் ஒத்திசைவை இயக்குங்கள். கூகுள் கணக்கில் 8 இலக்கக் காப்புக் குறியீடுகள் எடுத்துத் தாளில் எழுதி வைப்பதும் நல்லது.

கடைசியாக Settings, Google, Backup பக்கத்தில் Back up now தொடுங்கள். குறுஞ்செய்தி, அழைப்புப் பட்டியல், போன் அமைப்புகள், ஆப்களின் தரவில் ஒரு பகுதி இதில் ஏறும். ஒரு ஆப்புக்கு 25 எம்பி வரைதான், அதுவும் அந்த ஆப் அனுமதித்தால் மட்டும். குறிப்பு எழுதும் ஆப்போ விளையாட்டோ இதில் முழுதாக வரும் என்று எண்ண வேண்டாம். குறிப்புகளைத் தனியே ஏற்றுமதி செய்யுங்கள்.

ரீசெட் பொத்தானைத் தொடுவதற்கு முன், போனில் உள்ள கூகுள் கணக்கின் முகவரியும் கடவுச்சொல்லும் நினைவிருக்கிறதா என்று வேறு கருவியில் உள்நுழைந்து பாருங்கள். ஆண்ட்ராய்டு 5.1-லிருந்து திருட்டைத் தடுக்கும் பூட்டு ஒன்று இருக்கிறது. அமைப்புகளுக்குள் போகாமல், போனின் பக்கப் பொத்தான்களை அழுத்தித் திறக்கும் ரெக்கவரி திரை வழியாக ரீசெட் செய்தால், போன் பழைய கணக்கைக் கேட்கும். தெரியாவிட்டால் போனை மேற்கொண்டு பயன்படுத்த முடியாது. போனைக் கொடுத்துவிடுவதாக இருந்தால் ரீசெட்டுக்கு முன் கணக்கை அமைப்புகளிலிருந்து நீக்கிவிடுங்கள்.

ரீசெட் முடிந்ததும் மொழித் திரை வரும். தமிழைத் தேர்ந்து, அதே கூகுள் கணக்கில் நுழைந்து, பேக்கப்பிலிருந்து மீட்கவா என்று கேட்கும்போது ஆம் என்று சொல்லுங்கள். அவசரத்தில் தவிர்த்துவிட்டால் மறுபடி ரீசெட் செய்ய நேரலாம். பேக்கப் எடுத்த ஆண்ட்ராய்டு பதிப்பைவிடப் பழைய பதிப்புள்ள போனில் அது மீளாது என்பதையும் கவனியுங்கள். வாட்ஸ்அப்பும் அப்படித்தான்: பழைய எண்ணையே பதிந்ததும் Restore கேட்கும். அதை விட்டுவிட்டால் ஆப்பை நீக்கி மறுபடி நிறுவினால்தான் அந்தக் கேள்வி திரும்ப வரும்.