வார்த்தையை அனுப்பியும் பட்டியலில் சேராதவர்கள்

ஒரு வார்த்தையை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினால் பட்டியலில் சேரலாம் என்று பேனர் வைக்கிறோம். கொஞ்ச பேர்தான் சேர்ந்தார்கள் என்றால், ஆர்வம் இல்லை போல என்று நினைத்துவிடுகிறோம். அதற்கு முன் வந்த செய்திகளை ஒருமுறை திறந்து பாருங்கள். அனுப்பியும் சேராமல் போனவர்கள் அங்கே இருப்பார்கள்.

பேனரில் “FRESH20” என்று மேற்கோள் குறியோடு அச்சடித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் அந்தக் குறிகளையும் சேர்த்தே தட்டச்சு செய்வார். இன்னொருவர் FRESH 20 என்று இடம் விடுவார். வேறொருவர் பூஜ்யத்தை ஓ என்று படித்து FRESH2O என்று அனுப்புவார். கடைசியில் முற்றுப்புள்ளி வைப்பவரும் உண்டு. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் மென்பொருளுக்கு இந்த நான்குமே வேறு வார்த்தைகள். பதில் போகாது, அனுப்பியவரும் இரண்டாம் முறை முயல மாட்டார்.

அதனால் எண் கலக்காத, ஒரே மாதிரி மட்டும் எழுதக்கூடிய சின்ன வார்த்தையாகத் தேர்ந்தெடுங்கள். மேற்கோள் குறிக்குப் பதில் தடித்த எழுத்து போதும். ஒப்பிடும் முன் இடைவெளி, புள்ளி, குறிகளை நீக்கிவிடுமாறு அமைப்பை மாற்றச் சொல்லுங்கள். பொருந்தாத எல்லாச் செய்திக்கும் “FRESH என்று மட்டும் அனுப்புங்கள்” என்பது போல ஒரு பதில் போகட்டும். அச்சடிக்கக் கொடுக்கும் முன், விஷயம் தெரியாத நாலைந்து பேரிடம் பேனரைக் காட்டி அவரவர் போனிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் இதைவிட நல்ல சோதனை இல்லை.

ஆண்டு இறுதித் தள்ளுபடிக்கு END என்று வைப்பது இதைவிட மோசம். STOP, CANCEL, QUIT போல END என்பதும் பல எஸ்எம்எஸ் சேவைகளில் விலகுவதற்கான வார்த்தை. சேர வந்தவரின் எண் தடைப் பட்டியலுக்குப் போய்விடும், அப்புறம் நீங்கள் அனுப்பும் எதுவும் அவரை எட்டாது.

சரி, சேர்ந்துவிட்டார். முதல் பதிலில் யார் அனுப்புகிறோம், மாதம் எத்தனை செய்தி வரும், எப்படி விலகுவது என்ற மூன்றும் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். அதிலும் புள்ளியும் கால்களும் கொம்புகளும் தனித்தனியாக எண்ணப்படும்: ‘வணக்கம்’ கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணக்கில் ஏழு. 70ஐத் தாண்டினால் செய்தி 67 எழுத்துத் துண்டுகளாகப் பிரியும், ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம். அதற்காக விலகும் வழியை வெட்டிவிடாதீர்கள், வணக்கத்தை வெட்டுங்கள்.

ஒரு கூப்பனுக்காக வார்த்தை அனுப்பியவர் வாராவாரம் செய்தி பெறச் சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. தொடர்ந்து செய்தி வரும் என்பது பேனரிலேயே, வார்த்தையை அனுப்ப வேண்டிய எண்ணுக்குப் பக்கத்தில், படிக்கும் அளவு எழுத்தில் இருக்க வேண்டும். அந்த பேனரின் படத்தையும், ஒவ்வொருவரும் அனுப்பிய வார்த்தை, தேதி, நேரத்தையும் சேமித்து வையுங்கள். நான் சேரவே இல்லையே என்று ஒருவர் புகார் செய்தால், காட்டுவதற்கு இவைதான் இருக்கும்.