பார்வை இழப்பும் கால் மரப்பும்: கேஸ் பிரசன்டேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"26 வயதுப் பெண், 14 மாதங்களாகப் பார்வைக் குறைவு, 10 நாட்களாகக் கால் மரப்பு" என்று தொடங்கும் மாணவர், முதல் வரியிலேயே நோயின் போக்கை மறைத்துவிடுகிறார். 14 மாதங்களாகத் தொடர்ந்து பார்வை குறைந்துவந்தது என்றே கேட்பவர் புரிந்துகொள்வார். உண்மையில் நடந்தவையோ மூன்று தனித்தனித் தாக்குதல்கள். எனவே பிரசன்டேஷனை இப்படி எழுதிக்கொள்ளலாம்:

"14 மாதங்களுக்கு முன் வலக்கண்ணில், விழியை அசைத்தால் வலியுடன், மூன்று நாட்களில் பார்வை குறைந்தது, ஆறு வாரங்களில் பெரும்பாலும் மீண்டாலும் சிவப்பு நிறம் இன்றும் வெளிறியே தெரிகிறது. ஐந்து மாதங்களுக்கு முன் இடக்கண்ணில் இதேபோல் ஏற்பட்டு, பகுதியளவே மீண்டது. 10 நாட்களுக்கு முன் பாதங்களில் தொடங்கிய மரப்பு, நான்கு நாட்களில் தொப்புள் வரை ஏறியது. அதன்பின் சிறுநீர் கழிக்கத் தொடங்குவதில் சிரமம்."

ஒவ்வொரு தாக்குதலும் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. 24 மணி நேரமாவது நீடித்து, காய்ச்சல் இல்லாத நிலையில் வந்ததையே புதிய தாக்குதலாகக் கொள்வது வழக்கம். வெயிலிலோ வெந்நீர்க் குளியலிலோ சற்று நேரம் பார்வை மங்கித் தெளிந்தால், அது பழைய பாதிப்பின் எதிரொலி மட்டுமே.

அடுத்த தவறு, மரப்பு என்றதும் "கையுறை, காலுறை போன்ற உணர்விழப்பு" என்று மனப்பாடமாக ஒப்பிப்பது. புற நரம்பு நோயில் மரப்பு வயிற்றின் குறுக்கே கோடு கிழித்தாற்போல் நிற்பதில்லை. காலிலிருந்து மேல்நோக்கிக் குத்தூசியால் சோதித்து, உணர்வு மாறும் மட்டத்தைக் குறிக்க வேண்டும். தொப்புள் மட்டம் என்றால் பத்தாவது மார்புத் தண்டுவடப் பகுதி. சிறுநீர்த் தொல்லையைப் பெண்கள் தாமாகச் சொல்வது அரிது. நாம்தான் கேட்க வேண்டும்.

டார்ச்சை மாற்றி மாற்றி அடித்துப் பார்க்கும் சோதனையில் இரு கண்மணிகளும் ஒரே மாதிரி சுருங்கினால், "பார்வை நரம்பு இயல்பு" என்று சொல்லிவிடுகிறார்கள். இரு நரம்புகளும் ஏறத்தாழச் சமமாகப் பாதிக்கப்பட்டிருந்தாலும் வித்தியாசம் தெரியாது. ஒவ்வொரு கண்ணிலும் பார்வைத் திறனையும் நிற உணர்வையும் தனித்தனியே பதிவு செய்திருந்தால் இந்தச் சறுக்கல் நேராது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, உடனே "மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்" என்று முடிப்பது. முதலில் இடத்தைச் சொல்லுங்கள்: இரு பார்வை நரம்புகள், மார்புத் தண்டுவடம். பிறகு, இதே இரண்டு இடங்களையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகாவையும் சேர்த்து விவாதியுங்கள். நிற்காத விக்கலோ வாந்தியோ நாட்கணக்கில் இருந்ததா என்ற கேள்வி இங்கேதான் உதவும்; அதற்காக வயிற்று மருத்துவரைப் பார்த்துவந்த நோயாளிகளும் உண்டு. எம்ஆர்ஐயில் தண்டுவடப் பாதிப்பு மூன்று முள்ளெலும்புகளின் நீளத்துக்கோ அதற்கு மேலோ இருந்தால் ஐயம் வலுக்கும். ரத்தத்தில் அக்வாபோரின்-4 எதிர்ப்பொருள் காணப்பட்டால் உறுதிப்படும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான்-பீட்டா நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகாவை மோசமாக்கக்கூடும் என்பதால், தேர்வாளர் அடுத்துக் கேட்கப்போவது பெரும்பாலும் இதைத்தான்.