மொத்தமாக வாங்கிய காய்கறி: அடக்க விலையில் நேரும் தவறுகள்

தாம்பரம் பக்கத்தில் உள்ள ஒரு சிறு காய்கறிக் கடைக்காரர் கோயம்பேட்டில் கிலோ 20 ரூபாய்க்கு 200 கிலோ தக்காளி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சரக்குக்கு 4,000 ரூபாய், வண்டி வாடகை 600, ஏற்றுக்கூலியும் இறக்குக்கூலியும் 100 என மொத்தம் 4,700 ரூபாய் ஆகிறது. இதை 200-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 23.50 வரும். அழுகலுக்காக அதன்மேல் 15 சதவீதம் கூட்டி, 27 ரூபாய்தான் அடக்கம் என்று முடிவுசெய்து, 28 ரூபாய்க்கு விற்கத் தொடங்குகிறார். பார்வைக்குக் குறையில்லாத இந்தக் கணக்கில்தான் அவர் நட்டப்படுகிறார்.

முதல் தவறு, கழிவைக் கூட்டல் கணக்காகக் கொள்வது. 200 கிலோவில் 30 கிலோ போய்விட்டால் மீதி 170 கிலோதான் முழு 4,700 ரூபாயையும் திரும்ப எடுத்துத் தர வேண்டும். ஆகவே 4,700-ஐ 170-ஆல் வகுக்க வேண்டும், அப்போது அடக்கம் 27.65 ஆகிறது. கூட்டிப் போட்டதற்கும் வகுத்ததற்கும் இடையே 60 காசுதான் வித்தியாசம் என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. கீரை, கொத்தமல்லி போன்றவற்றில் பத்துக்கு நான்கு பங்கு வீணாகும் நாளில், 10 ரூபாய்ச் சரக்கைக் கூட்டல் முறை 14 ரூபாய் என்று காட்டும். உண்மையான அடக்கமோ 16.67.

இரண்டாவது தவறுதான் பெரியது. பெரும்பாலோர் கவனிக்காததும் அதுவே. விற்ற 170 கிலோவும் ஒரே விலைக்கு விற்பதில்லை. இரண்டாம் நாள் மாலையில் தோல் சுருங்கி, கை பட்டால் அமுங்கும் தக்காளியைத் தனியே கூறு கட்டிக் கிலோ 15 ரூபாய்க்குத் தள்ளிவிடுகிறோம். அப்படி 30 கிலோ போனால் 450 ரூபாய் வரும். மீதமுள்ள 4,250 ரூபாயை 140 கிலோ நல்ல தக்காளி சுமக்க வேண்டும். அதாவது நல்ல தக்காளியின் அடக்கம் 30.36. நமது கடைக்காரர் 140 கிலோவை 28 ரூபாய்க்கு விற்று 3,920 ரூபாயும், கூறு விற்று 450 ரூபாயும் சேர்த்து 4,370 ரூபாய் பெறுகிறார். போட்ட பணத்தில் 330 ரூபாய் திரும்பவில்லை. கடை வாடகைக்கும் தம் கூலிக்குமாக இந்தச் சரக்கிலிருந்து 600 ரூபாய் நிற்க வேண்டுமென்றால் அவர் 34.64, அதாவது சில்லறை பார்க்காமல் 35 ரூபாய் சொல்ல வேண்டும்.

வீணான அந்த 30 கிலோ எங்கே போயிற்று என்பதை ஊகத்தால் அறிய முடியாது. கழித்துப் போடும் கூடையை வீசுவதற்கு முன் எடை போட்டுப் பார்த்தால், பிரித்து அடுக்கும்போது நசுங்கியும் வெடித்தும் கிடந்தவை 10 கிலோ, பிறகு அழுகியவை 14 கிலோ என்று தெரியும். மீதி 6 கிலோ எந்தக் கூடையிலும் இராது. ஈரம் வற்றியதும், தராசில் சற்றுத் தாராளமாக நிறுத்ததும், கொசுறாகப் போட்டதும் அதில் அடங்கும். வாங்கியதிலிருந்து விற்றதையும் கையிருப்பையும் கூடையில் எடை போட்டதையும் கழித்துப் பார்த்தால்தான் இந்தக் கண்ணுக்குத் தெரியாத குறைவு வெளிப்படும். வந்த சரக்கைப் பெட்டியின் எடையைக் கழித்து நிறுத்துப் பார்க்காதவருக்கோ, 200 கிலோ என்ற தொடக்கமே சந்தேகத்துக்குரியது.

மூன்றாவது, கழிவுக்கென்று நிலையான ஒரு தொகையை வைத்துக்கொள்வது. தக்காளி 20 ரூபாய் விற்றபோது கழிவால் கிலோவுக்கு ஏறக்குறைய 4 ரூபாய் கூடியது உண்மைதான். ஆனால் விலை 60 ரூபாய்க்கு ஏறிய நாளில் அழுகும் ஒவ்வொரு கிலோவும் 60 ரூபாயைக் கொண்டுபோகிறது. அதே வண்டி வாடகை, அதே 30 கிலோ கழிவு என்றாலும், கூறு விற்பனையைச் சேர்க்காமலேயே அடக்கம் 74.70 ஆகும், பழக்கத்தில் 4 ரூபாய் கூட்டியவரோ 67.50 என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

வண்டியில் பல காய்கள் ஏறினால் வாடகையைக் கிலோக்கணக்கில் மட்டும் பிரிப்பதும் பிசகும். வெங்காய மூட்டை சிறு இடத்தில் அடங்கிவிடும். காலிஃபிளவர் அதே எடைக்கு மும்மடங்கு இடத்தை அடைத்தால், வாடகையிலும் அதற்கேற்ற பங்கை அதன் தலையில்தான் போட வேண்டும்.

இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. மறுநாள் சந்தையில் தக்காளி 12 ரூபாய்க்கு இறங்கிவிட்டால், அடக்கம் 30 ரூபாய் என்பதற்காக எந்த வாடிக்கையாளரும் 35 ரூபாய் தரமாட்டார். அன்று விலையைப் பிடித்து வைத்திருந்தால் கூறு கட்ட வேண்டிய 30 கிலோ 60 கிலோவாகும். வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அடுத்த முறை 200 கிலோவுக்குப் பதில் ஒரே நாளில் தீரும் 100 கிலோவை, வண்டி வாடகையைப் பக்கத்துக் கடையுடன் பகிர்ந்துகொண்டு, வாங்கினால் எவ்வளவு அடக்கமாகும் என்று பார்ப்பதே சரி.