12 விழுக்காடு லாப ஈவு தருகிறதாம்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

பட்டர்வொர்த்தில் இருக்கும் மாமா ஒருவர் பணி ஓய்வு பெற்று, இபிஎஃப் பணத்தை வெளியே எடுத்துவிட்டார். பங்குச் செயலியில் ஒரு நிறுவனத்தைப் படம் பிடித்து வாட்சப்பில் அனுப்பினார். “தம்பி, பேங்குல எஃப்டி போட்டா என்ன கிடைக்குதுன்னு உனக்கே தெரியும். இது 12 விழுக்காடுக்கு மேல குடுக்குதாம். கொஞ்சம் போடலாமா?” இதே கேள்வி பினாங்கில் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், அவருக்கு உட்கார்ந்து போட்டுக் காட்டிய கணக்கை இங்கே முழுதாக எழுதுகிறேன். சிடிஎஸ் கணக்கு திறப்பது, லாட் கணக்கில் வாங்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: இரண்டு வாய்ப்பாடு

```
DY     = DPS / பங்கு விலை × 100
Payout = DPS / EPS × 100
```

DPS என்பது ஒரு பங்குக்குக் கிடைத்த லாப ஈவு. EPS என்பது ஒரு பங்குக்கு நிறுவனம் ஈட்டிய லாபம். முதல் வாய்ப்பாடான DY, அதாவது லாப ஈவு விகிதம், நீங்கள் போடும் காசுக்கு என்ன திரும்பி வருகிறது என்று சொல்கிறது. இரண்டாவது, ஈட்டியதில் எவ்வளவைப் பங்குதாரர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்கிறது.

முதல் வாய்ப்பாட்டில் விலை கீழே இருப்பதைக் கவனியுங்கள். நிறுவனம் ஒரு காசுகூடக் கூட்டிக் கொடுக்காமலே, விலை இறங்கினால் DY ஏறிவிடும். 10 சென் ஈவு தரும் பங்கு 2 வெள்ளியாக இருந்தபோது DY 5 விழுக்காடு. அதே பங்கு 80 சென்னுக்கு இறங்கினால் 12.5 விழுக்காடு. ஆக, DY திடீரென்று ஏறியிருந்தால் முதலில் விலை வரைபடத்தைப் பாருங்கள். விலை பாதிக்கும் கீழே போயிருந்தால், சந்தை எதற்கோ பயந்து விற்றிருக்கிறது. அது எதற்கு என்பதைத்தான் இனித் தேட வேண்டும்.

படி 2: எந்த ஆண்டின் ஈவு?

பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான், அதனால் மெதுவாகப் போவோம். செயலியில் தெரியும் DPS பெரும்பாலும் கடந்த 12 மாதத்தில் வந்த ஈவுகளின் கூட்டல். அந்த ஈவு எந்த நிதியாண்டின் லாபத்திலிருந்து வந்தது என்று அது பார்ப்பதில்லை.

ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நிதியாண்டு டிசம்பர் 31-இல் முடிகிறது. 2023-இல் EPS 16 சென். அந்த ஆண்டுக்கு மொத்தம் 10 சென் கொடுத்தார்கள்: இடைக்கால ஈவு 4 சென் 2023 செப்டம்பரில், இறுதி ஈவு 6 சென் 2024 ஜூனில். பேஅவுட் 62.5 விழுக்காடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. 2024-இல் வியாபாரம் படுத்து EPS 6 சென்னுக்கு இறங்கியது. ஆனாலும் செப்டம்பரில் வழக்கம்போல 4 சென் கொடுத்தார்கள்.

இப்போது 2025 பிப்ரவரி கடைசி, நான்காம் காலாண்டு அறிக்கை வந்தாயிற்று, விலை 80 சென். செயலி 2024 ஜூனின் 6 சென்னையும் செப்டம்பரின் 4 சென்னையும் கூட்டி, 12.5 விழுக்காடு என்று காட்டும். அதில் பாதிக்கு மேல் 2023-இன் நல்ல லாபத்திலிருந்து வந்த பணம். 2024-க்கும் அதே 10 சென் வர வேண்டுமானால், 6 சென் லாபத்தில் 10 சென் கொடுக்க வேண்டும். பேஅவுட் 167 விழுக்காடு.

சரி பார்க்கும் வழி இதுதான். bursamalaysia.com-இல் Company Announcements போய், நிறுவனத்தின் பெயரைப் போட்டு, Entitlements வகையைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு ஈவு அறிவிப்பிலும் அது எந்த நிதியாண்டுக்கானது என்று எழுதியிருக்கும். அதை ஒரு தாளில் ஆண்டுவாரியாகப் பிரித்து எழுதி, அந்தந்த ஆண்டின் EPS-ஐப் பக்கத்தில் வையுங்கள். சலித்து எடுக்க எனக்கு KLSE Screener பிடிக்கும், வேகமாக இருக்கிறது. ஆனால் பேஅவுட்டை மட்டும் எந்தச் செயலியிடமும் விடமாட்டேன், கையால்தான் போடுவேன். நிறுவனம் நிலத்தையோ கட்டடத்தையோ விற்று அந்த ஆண்டு EPS வீங்கியிருந்தால், செயலியின் பேஅவுட் அழகாகத் தெரியும். காலாண்டு அறிக்கையின் குறிப்புகளைப் படித்து அந்த ஒருமுறை லாபத்தைக் கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும்.

படி 3: பணம் எங்கிருந்து வருகிறது?

லாபம் என்பது கணக்குப் புத்தகத்தில் உள்ளது. ஈவு ரொக்கமாகப் போவது. அதனால் அதே காலாண்டு அறிக்கையில் பணப்புழக்கப் பக்கத்துக்குப் போங்கள். Net cash from operating activities என்ற வரியிலிருந்து, Purchase of property, plant and equipment என்ற வரியைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் ஈவாகக் கொடுக்க உண்மையில் கையில் இருப்பது.

நம் நிறுவனத்துக்கு 500 மில்லியன் பங்குகள் என்றால், 10 சென் ஈவுக்கு 50 மில்லியன் வெள்ளி வேண்டும். வியாபாரத்தில் வந்த ரொக்கம் 42 மில்லியன், இயந்திரங்களுக்குப் போனது 25 மில்லியன் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 17 மில்லியன். பற்றாக்குறை 33 மில்லியன். அது வங்கிக் கையிருப்பிலிருந்து வர வேண்டும், இல்லையென்றால் கடனாக வர வேண்டும். ஐந்தொகையில் Borrowings ஏறுகிறதா, ரொக்கம் இறங்குகிறதா என்று நான்கைந்து காலாண்டுகளை வரிசையாகப் பார்த்தால், எத்தனை நாள் தாங்கும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

தாங்காது என்று இயக்குநர் வாரியம் முடிவு செய்து, ஈவை 3 சென்னாகக் குறைத்தால் என்ன ஆகும்? 1,000 பங்கை 800 வெள்ளிக்கு வாங்கியவர் 100 வெள்ளியை எதிர்பார்த்திருப்பார். அவருக்குக் கிடைப்பது 30 வெள்ளி. அந்தச் செய்தி வந்ததும் விலை 60 சென்னுக்கு இறங்கினால், போட்ட முதலிலிருந்தே 200 வெள்ளி போய்விட்டது. ஈவை நம்பி வாங்கியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் விற்க வருவதால், ஈவு வெட்டப்படும்போது விலையும் சேர்ந்து அடிவாங்குவது வழக்கம்.

பேஅவுட் குறைவாக இருந்தும் மாட்டிக்கொள்ளலாம்

கையுறை நிறுவனங்களை நினைத்துப் பாருங்கள். கோவிட் காலத்தில், 2021 நிதியாண்டில் டாப் குளோவ் 7 பில்லியன் வெள்ளிக்கு மேல் லாபம் ஈட்டி, அதில் ஒரு பகுதியைத் தாராளமாக ஈவாகக் கொடுத்தது. பேஅவுட் 100-க்கு உள்ளேயே இருந்தது, கையில் ரொக்கமும் இருந்தது. ஆனால் கையுறை விலை இறங்கத் தொடங்கியதும் பங்கு விலையும் கூடவே இறங்கியது. பழைய ஈவைப் புதிய விலையால் வகுத்தபோது DY மிகப் பெரிதாகத் தெரிந்தது. 2022 ஆகஸ்டில் முடிந்த காலாண்டில் நிறுவனம் நட்டத்தைக் காட்டியது. இங்கே ஈவைக் கெடுத்தது அதிகமாக வாரிக் கொடுத்தது அல்ல, லாபமே நிலைக்காதது. அதனால் ஒரே ஓர் ஆண்டின் EPS-ஐ வைத்து முடிவெடுக்காதீர்கள், குறைந்தது ஐந்து ஆண்டு பாருங்கள்.

கட்டடங்களை வைத்து வாடகையைப் பகிரும் ரீட்களை வாங்குகிறவர்கள் பேஅவுட் 90-க்கு மேல் இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். வருமானத்தில் 90 விழுக்காடாவது பகிர்ந்தால்தான் அவற்றுக்கு வரிவிலக்கு, அதனால் அது இயல்பு. அங்கே EPS-க்குப் பதிலாகப் பகிரத்தக்க வருமானத்தை வைத்து வகுங்கள். கட்டடங்களின் மறுமதிப்பீட்டு லாபம் EPS-இல் கலந்திருக்கும், அது ரொக்கம் அல்ல.

பின்சேர்க்கை: கிள்ளானிலிருந்து ஒரு வாசகர், தான் பார்த்த பங்கில் பேஅவுட் 50 விழுக்காடுதான், ஆனால் DY 14 விழுக்காடு, விலையும் பாதியாகியிருக்கிறது, எங்கே கோளாறு என்று எழுதியிருந்தார். அறிவிப்புகளைப் பார்த்தால், அந்த நிறுவனம் ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு கொடுத்திருக்கிறது. பங்கின் எண்ணிக்கை இரட்டிப்பானதால் விலை பாதியாகிவிட்டது. அவர் போட்ட ஈவும் EPS-உம் போனஸுக்கு முந்தியவை. இரண்டையும் பாதியாக்கினால் பேஅவுட் மாறாது, DY மட்டும் 7 விழுக்காடாக இறங்கும். போனஸ், பங்குப் பிரிப்பு இரண்டுமே அதே Entitlements பட்டியலில்தான் இருக்கும். விலை வரைபடத்தில் செங்குத்தான இறக்கம் தெரிந்தால், முதலில் அங்கே தேதியை ஒப்பிட்டுவிட்டு அப்புறம் கணக்கைத் தொடங்குங்கள்.