வெளிநாடு போகும் நண்பனுக்கு நாலு வரி

வேலைக்காக வெளிநாடு போகிற நண்பனுக்கு எழுதும் செய்தி கனத்துப் போவதற்குப் பெரும்பாலும் இறந்தகாலமே காரணம். "நீ நல்ல நண்பனாய் இருந்தாய், உன் சிரிப்பு மறக்காது" என்று எழுதினால் பேப்பரில் வரும் கண்ணீர் அஞ்சலி மாதிரி இருக்கும். வினைச்சொற்களை எதிர்காலத்துக்கு மாற்றிப் பாருங்கள், பாதிக் கனம் இறங்கிவிடும்.

அவனும் நீங்களும் மட்டும் அறிந்த ஒரு சின்ன விஷயம், ஒரு நக்கல், நாள் நேரம் குறித்த ஒரு வாக்கு. இவ்வளவும் போதும். டோகாவுக்குப் போகிறவனுக்கு இப்படி எழுதலாம்:

"மச்சான், நல்லூரடியில நீ தர வேண்டிய ஐஸ்கிரீம் காசு இன்னும் நிக்குது, மறந்திடாத. தேத்தண்ணி போடவே தெரியாத நீ அங்க சமைக்கப் போறாய், அடுப்பு பாவம். வெள்ளிக்கிழமை எங்கட எட்டு மணிக்கு எடுப்பன், உனக்கு அப்ப பின்னேரம் அஞ்சரை. சுகமாப் போயிட்டு வா."

"அடிக்கடி கதைப்பம்" என்றால் இரண்டு மாதத்தில் நின்றுவிடும். அதனால்தான் நேர வித்தியாசத்தையும் (கட்டாருக்கு இரண்டரை மணி பின்னே) பார்த்து எழுதுவது. நக்கல் அவன் சமையலோடு நிற்கட்டும். பயணத்துக்குப் பட்ட கடன், சம்பளம், விசா பக்கம் போகக் கூடாது.

பயணத்துக்கு முதல்நாள் காலையில் அனுப்புங்கள். இரவு என்றால் அம்மா கட்டிய மிளகாய்த்தூள் பொதியோடு சூட்கேஸை நிறுத்துக்கொண்டிருப்பான், வாசிக்க மாட்டான்.