பாலின விகிதம், எழுத்தறிவு, வயது: எதை எதால் வகுப்பது?

மக்கள்தொகை அட்டவணையில் தப்பு வருவது பெரும்பாலும் வகுக்கும் எண்ணில்தான். 2011 கணக்கெடுப்பின் தமிழ்நாட்டு எண்களை வைத்தே போட்டுப் பார்ப்போம். முதன்மைச் சுருக்க அட்டவணையில் இந்த வரிசைகளை எடுத்துக்கொள்ளுங்கள். TOT_P மொத்த மக்கள், TOT_M ஆண்கள், TOT_F பெண்கள், P_06 என்பது 0–6 வயதுக் குழந்தைகள், P_LIT எழுத்தறிவு பெற்றவர்கள்:

```
TOT_P 72147030
TOT_M 36137975
TOT_F 36009055
P_06   7423832
P_LIT 51837507
```

படி 1: பாலின விகிதம். இந்தியாவில் இது 1,000 ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்பது. TOT_F-ஐ TOT_M-ஆல் வகுத்து 1,000-ஆல் பெருக்கினால் 996. ஐ.நா. அட்டவணைகளோ 100 பெண்களுக்கு எத்தனை ஆண்கள் என்று தலைகீழாகச் சொல்லும். அதே தமிழ்நாடு அங்கே 100.4 ஆகும். வேறு நாட்டோடு ஒப்பிடுமுன் தலைப்பைப் படித்துவிடுங்கள்.

படி 2: எழுத்தறிவு. நிதானமாகப் போக வேண்டிய இடம் இது. ஏழு வயது நிரம்பி, ஏதேனும் ஒரு மொழியைப் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவரே எழுத்தறிவு பெற்றவர். படிக்க மட்டும் தெரிந்தால் போதாது. பள்ளிக்குப் போயிருக்க வேண்டும் என்பதும் இல்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஆறு வயதுக் குழந்தை சரளமாக வாசித்தாலும் கணக்கில் சேராது. அதனால் வகுக்கும் எண்ணிலும் அந்தக் குழந்தைகள் இருக்கக் கூடாது:

```
P_LIT / (TOT_P - P_06) * 100 = 80.09
```

குழந்தைகளைக் கழிக்க மறந்தால் 71.85 வரும். அது 'கச்சா விகிதம்', வேறு அளவு. இன்னொரு பொறி, எழுத்தறிவு இல்லாதோருக்கான P_ILL வரிசை. அதில் இருக்கும் 2,03,09,523 பேரும் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் என்று எழுதிவிடாதீர்கள். 0–6 வயதுக் குழந்தைகள் 74 லட்சம் பேரும் அதற்குள் அடக்கம். அவர்களைக் கழித்தால்தான் உண்மையான எண்: 1,28,85,691.

பல மாவட்டங்களைச் சேர்த்துச் சொல்வதானால் சதவீதங்களைச் சராசரி எடுக்கக் கூடாது. வரிசைகளைத் தனித்தனியே கூட்டி, பிறகு வகுங்கள்.

படி 3: வயதுக் கட்டமைப்பு. 0–14, 15–59, 60-உம் அதற்கு மேலும் என்று பிரித்து, ஒவ்வொன்றும் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். வயது என்றால் நிரம்பிய வயது. ஐந்தாண்டுத் தொகுப்பு (0–4, 5–9) கொண்ட C-14 அட்டவணையிலிருந்து 0–6 கிடைக்காது. அதற்கு ஒற்றை வயது அட்டவணையான C-13 வேண்டும். தொகுப்புகளைக் கூட்டினால் மொத்தத்துக்குச் சற்றே குறைகிறதா? 'வயது குறிப்பிடாதோர்' என்ற வரியை விட்டிருப்பீர்கள்.

C-13-இல் 59, 60, 61 வயது வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 60 மட்டும் கோபுரம்போல் நிற்கும். பிறந்த தேதி தெரியாத பெரியவர்கள் 'அறுபது இருக்கும்' என்று முழு எண்ணாகச் சொல்வதால் வரும் குவிப்பு இது. 58, 59 வயதுக்காரர்கள் சிலரும் இப்படி எல்லையைத் தாண்டி வந்துவிடுவதால், 60-க்கு மேற்பட்டோர் பங்கு கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். கிராமத்துக் கணக்கில் அந்தப் பங்கைத் தசம இடம் வரை நம்பி எழுதாதீர்கள்.